தொண்டையில் எலும்பு இல்லை

தீபாவளி முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். காலையில் மருத்துவமனைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வெள்ளை ராஜபாளையம் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் பேரன் மடியில் ஐந்து மாத லாப்ரடார் குட்டி இருந்தது.

“டாக்டர், வீராவுக்குத் தொண்டையில எலும்பு சிக்கிருச்சுபோல. ராத்திரியெல்லாம் கக்கிக்கிட்டே இருந்தான். வெள்ளை வெள்ளையா நுரையைத் தள்ளுறான். வேற ஒண்ணும் வர மாட்டேங்குது.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் வீரா செய்தே காட்டினான். நான்கு கால்களையும் அகற்றி ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி, வாத்து கத்துவதுபோல வறண்ட குரலில் ஏழெட்டு முறை இருமினான். கடைசி இருமல் ஓங்கரிப்பாக முடிந்து, தரையில் கொஞ்சம் நுரை விழுந்தது. உடனே தலையை உதறிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு என் பையை மோந்து பார்க்க வந்துவிட்டான்.

“அம்மா, தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தீங்களா? இவங்களை எங்கேயாவது விட்டுட்டுப் போனீங்களா?”

“ஆமா டாக்டர். அஞ்சு நாள் போர்டிங்ல விட்டிருந்தோம். ரெண்டு பேரையும்.”

சனிக்கிழமை விட்டு, புதன்கிழமை கூட்டி வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு வீரா இருமத் தொடங்கியிருக்கிறான். அன்று சனிக்கிழமை. குட்டி லட்டுவும் அன்று காலை இரண்டு முறை இருமியதாகப் பேரன் சொன்னான்.

தொண்டையைத் திறந்து பார்த்தேன். எலும்பு இல்லை. கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழல் ஓடும் இடத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்தினேன். உடனே மறுபடியும் அதே வறட்டு இருமல் தொடர்ந்து வந்தது. காய்ச்சல் 101.8. மூச்சு நிமிடத்துக்கு 24. காலையில் வைத்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டிருக்கிறான். இதுதான் ‘கென்னல் காஃப்’, நாய்கள் கூட்டமாகத் தங்கும் இடத்தில் தொற்றிக்கொள்ளும் இருமல். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் அதே வீட்டில், அதே இடத்தில் தொற்றிய அதே இருமல் ஒரு நாய்க்கு ஆறியும் இன்னொரு நாய்க்கு நுரையீரல் வரை இறங்கியும் போனது. எது எப்போது திசை மாறியது, அதை வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லத்தான் இந்த இரண்டு நாய்களின் கதையை எழுதுகிறேன்.

ஒரே பெயர், பல கிருமிகள்

கென்னல் காஃப் என்பது ஒரே கிருமியால் வரும் நோய் அல்ல. ஒரே மாதிரியான இருமலை உண்டாக்கும் பல கிருமிகளுக்குப் பொதுவாக நாம் வைத்திருக்கும் பெயர் அது. அவற்றில் முக்கியமானவை பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ், அடினோவைரஸ் இரண்டாம் வகை, நாய்களின் சுவாசக் கொரோனா வைரஸ், போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா. நாய்களுக்கு வரும் இந்தக் கொரோனா வைரஸ் மனிதர்களுக்கு வந்த கோவிட் வைரஸ் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.

போர்டெடெல்லா என்ற பெயர் நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. நம் குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமலை உண்டாக்குவது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியாதான். கக்குவான் வந்த குழந்தை விடாமல் இருமி, முடிவில் மூச்சை இழுத்து, கக்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு நாயின் இருமல் ஏன் ஓங்கரிப்பில் முடிகிறது என்பது சட்டென்று புரியும். இரண்டு கிருமிகளும் மூச்சுக்குழலின் உள்சுவரில் ஒரே இடத்தைத்தான் குறிவைக்கின்றன.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மூச்சுக்குழலின் உட்புறம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம் இருக்கிறது. நாம் உள்ளிழுக்கும் தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். நாற்று வயலில் காற்றடித்தால் பயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதுபோல, இந்த நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததை நாய் விழுங்கிவிடும். நுரையீரலைச் சுத்தமாக வைத்திருப்பது இந்த வேலைதான்.

வைரஸ்கள் அந்தச் சுவரின் மேல்தோலைச் சிதைக்கின்றன. போர்டெடெல்லா நேராக நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் அசைவை நிறுத்திவிடுகிறது. தள்ளும் வேலை நின்றால் சளி தேங்கும். சுவர் புண்ணாகி, காற்றுப் பட்டாலே இருமல் வரும். கழுத்துப்பட்டையை இழுத்தால், குரைத்தால், தண்ணீர் குடித்தால், துள்ளினால் இருமல் கிளம்புவது இதனால்தான். இந்தக் கட்டத்தில் நோய் மூச்சுக்குழலிலும் அதன் பெரிய கிளைகளிலும் மட்டுமே இருக்கிறது. நுரையீரல் நன்றாக இருக்கிறது. அதனால்தான் இருமி முடித்த அடுத்த நொடி நாய் வாலாட்டுகிறது.

ஏன் நாய் விடுதியில்?

விடுதி நடத்துகிறவர்கள் அசுத்தமாக வைத்திருப்பதால்தான் இது வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கும் இடத்திலும் இது வரும். ஊரின் பல மூலைகளிலிருந்து, ஒன்றையொன்று பார்த்தே இராத நாய்கள் ஒரே கூரைக்குக் கீழே ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் தன் தெருவின் கிருமியைக் கொண்டுவருகிறது. புது இடத்தின் பயத்தில் நாள் முழுக்கக் குரைக்கின்றன, சரியாகத் தூங்குவதில்லை, எதிர்ப்புச் சக்தி குறைகிறது. ஒரு நாய் இருமினாலோ குரைத்தாலோ நுண்துளிகள் காற்றில் பறந்து அடுத்த கூண்டுக்குப் போகின்றன. பொதுத் தண்ணீர்க் கிண்ணம், ஒரு கூண்டிலிருந்து மறு கூண்டுக்குப் போகும் பணியாளரின் கை, துடைக்கும் துணி எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன.

இதன் வேகத்தைக் காட்டிய ஆய்வு லண்டனில் நடந்தது. கைவிடப்பட்ட நாய்களைச் சேர்த்து வைத்துப் புது வீடு தேடித்தரும் ஒரு பெரிய காப்பகத்தில் தடுப்பூசி போட்டும் இருமல் ஓயவில்லை. அங்கே தேடியபோதுதான் நாய்களின் சுவாசக் கொரோனா வைரஸ் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆய்வு 2003இல் வெளியானது. காப்பகத்துக்குள் நுழையும் நாளில் ஏறக்குறைய பத்தில் மூன்று நாய்களின் ரத்தத்தில்தான் அந்த வைரஸை எதிர்கொண்ட அடையாளம் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அநேகமாக எல்லா நாய்களிலும் அது இருந்தது. ஒரே கூரைக்கடியில் இருப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

தொற்றிய நாய் உடனே இருமுவதில்லை. மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை ஒன்றும் தெரியாது. சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். இருமத் தொடங்குவதற்கு முன்பே அது கிருமியைப் பரப்ப ஆரம்பித்திருக்கும். இருமல் நின்ற பிறகும் போர்டெடெல்லா பல வாரங்கள் அந்த நாயின் மூச்சுப்பாதையில் தங்கியிருக்கலாம். ஆகவே, விடுதிக்குள் நுழையும்போது நன்றாக இருந்த நாய்தான் மற்ற நாய்களுக்குக் கொடுத்திருக்கும். அதை யாரும் வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. விடுதியில் மட்டும் என்றில்லை. முடிவெட்டும் கடை, நாய்க் கண்காட்சி, பூங்கா, எங்கள் மருத்துவமனையின் காத்திருப்பு அறை, எல்லா இடத்திலும் இது தொற்றும். அதனால்தான் இருமுகிற நாயைக் கூட்டிவருகிறவர்களிடம் முதலில் போன் செய்துவிட்டு வாருங்கள், நான் அழைக்கும்வரை வண்டியிலேயே வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீராவுக்குக் கொடுத்தது என்ன

வீராவுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தரவில்லை. அம்மாவுக்கு அது ஏமாற்றமாக இருந்தது முகத்திலேயே தெரிந்தது. நான்கு வயது, நல்ல உடம்பு, காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை, மூக்கில் கெட்டிச் சளி இல்லை. இப்படிப்பட்ட நாய்க்கு இருமல் ஏழு முதல் பத்து நாளில் தணிந்து, மூன்று வாரத்துக்குள் நின்றுவிடும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. கால்நடை மருத்துவர்களுக்காகச் சர்வதேச வல்லுநர் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. காய்ச்சலும் சோர்வும் பசியின்மையும் கூடவே கெட்டியான சளியும் இருந்தால்தான் ஆரம்ப நாள்களில் ஆன்டிபயாட்டிக் பற்றி யோசிக்க வேண்டும். அப்படி யோசிக்கும்போது முதலில் கைக்கு வருவது டாக்ஸிசைக்ளின்.

நான் சொன்னது இவ்வளவுதான். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் மாட்டுங்கள். இரண்டு வாரம் ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம். ஊதுவத்தி, கொசுவத்தி, சாம்பிராணிப் புகை நாய் இருக்கும் அறையில் கூடாது. இரவில் அதிகமாக இருமினால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் பத்து நிமிடம் கூடவே உட்கார்ந்திருங்கள். அதில் தைலமோ கற்பூரமோ சேர்க்காதீர்கள். மூக்குச் சப்பையான பக் போன்ற நாய்களுக்கு இந்த ஆவி வைத்தியமே வேண்டாம். புழுக்கத்தில் அவற்றுக்கு மூச்சுத் திணறும்.

மனிதர்களுக்கான இருமல் மருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். சர்க்கரை சேர்க்காத சில சிரப்புகளில் இருக்கும் ஸைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலோ, வலிக்கு ஐபூபுரோஃபனோ நம் மருந்துப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் ஆபத்து.

லட்டுவையும் பார்த்தேன். காய்ச்சல் 102.4, அதாவது நாய்க்கு இயல்பான எல்லைக்குள்தான். நாயின் உடல் வெப்பம் 101இலிருந்து 102.5 வரை இருக்கும், நம்மைவிட அதிகம். மூச்சு 30. ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் குட்டி என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை போனில் சொல்லுங்கள், சாப்பாடு குறைந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள் என்றேன்.

இருமல் குறைந்த நாள்

திங்கட்கிழமை வந்த போனில் நல்ல செய்திதான். இரண்டும் இருமுகின்றன, இரண்டும் சாப்பிடுகின்றன. புதன்கிழமை மாலை பேரன் பேசினான். குரலில் நிம்மதி தெரிந்தது.

“டாக்டர், வீரா இன்னும் சத்தமா இருமுறான். லட்டுவுக்குக் குறைஞ்சிருச்சு. சத்தமே இல்ல. தூங்கிக்கிட்டே இருக்கா.”

“சாப்பிட்டாளா?”

“பால் மட்டும் கொஞ்சம்… அதுவும் பாதியை விட்டுட்டா.”

இருமலின் சத்தம் குறைந்தது, பசியும் குறைந்தது, தூக்கம் கூடியது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது குணமாவதன் அடையாளம் அல்ல. மூச்சுக்குழல் இருமல் வறட்டுச் சத்தத்தோடு, வாத்துக் கத்தலாக வரும். கிருமி கீழே இறங்கி, நுரையீரலின் காற்றுப் பைகளில் சீழும் நீரும் தேங்கத் தொடங்கினால் இருமலின் குணமே மாறிவிடும். தாழ்ந்த குரலில், ஈரமாக, களைத்துப்போனதுபோல் வரும். இருமுவதற்குக்கூடத் தெம்பு இருக்காது. அதை வீட்டில் இருப்பவர்கள் ‘குறைஞ்சிருச்சு’ என்று எடுத்துக்கொள்வது இயல்புதான். குட்டிகளின் நிமோனியா தாமதமாக எங்களிடம் வருவதற்கு இந்தத் தவறான நிம்மதி ஒரு பெரிய காரணம்.

போனிலேயே ஒன்று செய்யச் சொன்னேன். “லட்டு தூங்கும்போது எழுப்பாமப் பாருப்பா. விலா ஒருதரம் ஏறி இறங்கினா அது ஒண்ணு. கடிகாரத்தைப் பார்த்து முப்பது விநாடி எண்ணு. வந்த எண்ணை ரெண்டால பெருக்கிச் சொல்லு.”

அவன் எண்ணிவிட்டுச் சொன்னது 52.

தூங்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்குள்தான் மூச்சு விடும். ஓடிவிட்டு வந்து நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது வேறு, வெயிலில் இளைப்பது வேறு. அதையெல்லாம் எண்ண வேண்டாம். அசையாமல் தூங்கும்போது எண்ணினால்தான் கணக்கு. ஓய்வில் 40ஐத் தாண்டினால் அன்றிரவே மருத்துவரைத் தேட வேண்டும். உடனே கூட்டி வரச் சொன்னேன்.

லட்டு மேசையில் படுக்க மறுத்தாள். உட்கார்ந்து, முன்கால் முட்டிகளை உடம்பிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். படுத்தால் மூச்சு இன்னும் முட்டும் என்பதால் நாய் எடுக்கும் நிலை அது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்வாங்கியது. மூக்கோரம் மஞ்சளும் பச்சையுமாகச் சளி காய்ந்திருந்தது. காய்ச்சல் 104.2. ஈறு வெளிறியிருந்தாலும் நீலம் பாரிக்கவில்லை. நெஞ்சின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், செல்லோபேன் காகிதத்தைக் கசக்குவதுபோல மெல்லிய நொறுநொறுச் சத்தம். எக்ஸ்ரேயில் அதே இடத்தில் நுரையீரல் கறுப்பாக இருக்க வேண்டிய பகுதி வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. எக்ஸ்ரே எப்போதும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. நோய் வந்த முதல் நாளில் அது நன்றாக இருப்பதுபோலவும் காட்டலாம். அதனால் நாயின் மூச்சையும் நடத்தையையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாயில் ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து, குட்டியின் வாயைத் திறந்து பாலாடையால் ஊற்றியிருக்கிறார். குட்டி இருமிக்கொண்டே விழுங்கியிருக்கிறது.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அன்போடு செய்ததைத்தான் குட்டிக்கும் செய்தார். ஆனால் இருமுகிற நாயின் வாயில் ஊற்றும் எந்தத் திரவமும், கஷாயமாகட்டும் பாலாகட்டும் மருந்தாகட்டும், உணவுக்குழலுக்குப் போகாமல் மூச்சுக்குழலுக்குள் சரிய வாய்ப்பு உண்டு. அதைத் தடுத்து மேலே தள்ள வேண்டிய நுண்மயிர்கள் ஏற்கெனவே அசையாமல் கிடக்கின்றன. கிருமி இறங்குவது ஒரு வழி, திரவம் இறங்குவது இன்னொரு வழி. இரண்டும் போய்ச் சேரும் இடம் நுரையீரலின் அதே கீழ்ப்பகுதி.

லட்டு படுத்திருந்த நான்கு நாள்

லட்டுவை உள்ளே சேர்த்தோம். முதலில் ஆக்ஸிஜன். பிறகு நரம்பு வழியே டிரிப்ஸ். உடம்பில் நீர் குறைந்தால் சளி இறுகிவிடும், வெளியே வராது. ஆன்டிபயாட்டிக்கை ஊசியாகவே கொடுத்தோம். வீராவுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே மருந்து வகை லட்டுவுக்கு உயிர்காக்கும் தேவையானது.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்புநீரை நெபுலைசர் வழியே ஆவியாகக் கொடுத்தோம். அது முடிந்ததும், உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குழித்து, விலாவின் இரண்டு பக்கமும் பின்னாலிருந்து முன்னோக்கிச் சில நிமிடங்கள் மெதுவாகத் தட்டுவோம். குழந்தைக்கு முதுகைத் தட்டி ஏப்பம் எடுப்பதுபோலத்தான். இருமி, தேங்கிய சளியை வெளியே கொண்டுவர அது உதவும். நிமோனியாவில் இருமல் நமக்கு உதவி செய்கிறது. அதை அடக்கும் மருந்தை இங்கே கொடுத்தால் சளி உள்ளேயே தங்கிவிடும். ஒரே பக்கமாகப் படுக்கவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினோம்.

அம்மா தினமும் காலையும் மாலையும் வந்தார். லட்டு தூங்கும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூச்சை எண்ணினார். வீட்டுத் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களை இடுப்பில் செருகி வந்து, அவற்றின் பின்பக்கம் எண்ணை எழுதிக்கொள்வார்.

இதே இருமல், வேறு முடிவு

குட்டிகள், வயதான நாய்கள், வேறு நோய் உள்ளவை, மூக்குச் சப்பையானவை ஆகியவற்றில்தான் நிமோனியா அதிகம். ஆனால் நல்ல உடற்கட்டுள்ள நாய்க்கும் வரலாம் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2004 ஜனவரியில் நடந்தது காட்டியது. பந்தயத்துக்காக வளர்க்கப்பட்ட 22 கிரேஹவுண்ட் நாய்கள் ஒரே இடத்தில் நோயுற்றன. 14 நாய்களுக்குக் காய்ச்சல் வந்து, பிறகு பத்துப் பதினான்கு நாள் இருமி, குணமாயின. பார்ப்பவர்கள் கென்னல் காஃப் என்றே சொல்லியிருப்பார்கள். மற்ற 8 நாய்கள் நுரையீரலில் ரத்தம் கசிந்து திடீரென இறந்தன. ஆராய்ந்தபோது, குதிரைகளில் பரவிவந்த எச்3என்8 என்ற இன்ஃபுளுயன்சா வைரஸ் அப்படியே நாய்களுக்குத் தாவியிருந்தது தெரிந்தது. பார்வைக்கு ஒரே இருமல், முடிவு இரண்டு. ஒரு விடுதியில் பல நாய்கள் ஒரே நேரத்தில் காய்ச்சலோடு விழுந்தால், அல்லது ஒன்று திடீரென இறந்தால், அதைச் சாதாரண கென்னல் காஃப் என்று ஒதுக்கக் கூடாது.

நம் ஊரில் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டி இருமும்போது, கண்ணில் பீளையும், கூடவே வயிற்றுப்போக்கும், சில நாளில் உடம்பு வெட்டிவெட்டி இழுப்பதும் சேர்ந்தால் அது டிஸ்டம்பர். வயதான பொமரேனியன் இரவில் இருமினால், விடுதிக்கே போகாமலிருந்தால், இதயத்தையோ மூச்சுக்குழல் தளர்ந்து சப்பையாவதையோ சந்தேகிக்க வேண்டும். அந்த இருமல் இன்னொரு நாய்க்குத் தொற்றாது, மாதக்கணக்கில் நீடிக்கும்.

தடுப்பூசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

வீராவுக்கும் லட்டுவுக்கும் வழக்கமான கூட்டுத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். அதில் டிஸ்டம்பர், அடினோவைரஸ், பாராஇன்ஃபுளுயன்சா இவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. போர்டெடெல்லாவுக்கு இல்லை. அதற்குத் தனித் தடுப்புமருந்து இருக்கிறது. மூக்கில் சொட்டாக விடும் வகைக்குச் சில நாளிலேயே பலன் தொடங்கும். என்றாலும் விடுதிக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிடுவது நல்லது. அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தது. அதனால் நாய் ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாள்களில் கொடுத்தால் பயன் இருக்காது. மூக்குச் சொட்டை ஊசியாகப் போட்டுவிட்டால் போட்ட இடம் சீழ்பிடிக்கும், கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

இதைப் போட்டால் இருமலே வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிருமிகள் பல, தடுப்பூசி சிலவற்றுக்குத்தான். ஆனால் வருவது லேசாக வரும், லட்டுவுக்கு ஆனதுபோல் கீழே இறங்கும் வாய்ப்பு குறையும்.

நல்ல விடுதியை மோந்து பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உள்ளே நுழைந்ததும் சிறுநீர் நெடி கண்ணைக் கரித்தால், அங்கே காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அந்த அமோனியா நெடி மூச்சுக்குழலின் சுவரைத் தானே புண்ணாக்கும். கிருமிக்குப் பாதி வேலை குறைந்துவிடும். தரை ஈரமாகவே இருக்கக் கூடாது. புதிதாக வரும் நாய்களைச் சில நாள் தனியாக வைக்கிறார்களா, இருமுகிற நாயைத் தனி அறைக்கு மாற்றி அதைக் கடைசியில் கவனிக்கிறார்களா, ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணமா என்று கேளுங்கள். தடுப்பூசிச் சீட்டைக் கேட்காமல் உங்கள் நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடம் மற்றவர்களிடமும் கேட்டிருக்காது. உங்கள் நாய் இருமத் தொடங்கினால் அந்த விடுதிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். சண்டை போடுவதற்காக அல்ல, அங்கே இன்னும் இருக்கும் நாய்களுக்காக. இருமல் நின்ற பிறகும் இரண்டு வாரம் மற்ற நாய்களோடு சேர்க்காதீர்கள். வீட்டுப் பூனைக்கும் முயலுக்கும் போர்டெடெல்லா தொற்றலாம். நமக்குத் தொற்றுவது மிக அபூர்வம். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள் இருமும் நாயிடமிருந்து சற்றுத் தள்ளி இருப்பது நல்லது.

வீரா மூன்றாவது வாரம் முடியும்முன் இருமலை நிறுத்திவிட்டான். லட்டு நான்கு நாளில் வீட்டுக்குப் போனாள், மாத்திரையோடு. ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்ய மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தோம். அதற்கு வந்த நாளில் அம்மா அந்த நாட்காட்டித் தாள்களை வரிசையாக என் மேசையில் வைத்தார். 52, 50, 44, 40, 36, 30. கடைசித் தாளில் 24 என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்.

“இப்ப ராத்திரி முழிச்சா, முதல்ல இதைத்தான் எண்ணுறேன் டாக்டர். வீராவுக்கும் எண்ணுறேன்” என்றார்.

இன்றிரவு உங்கள் நாய் தூங்கும்போது நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நன்றாக இருக்கும்போது அதன் மூச்சு எவ்வளவு என்று தெரிந்தால்தான், ஒரு நாள் அது கூடும்போது உங்களுக்குத் தெரியும்.